'பார்க்கலாம்' என்று பதில் எழுதும் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சக துறைத் தலைவர்களுக்கு,

கொள்முதல் பிரிவுக்கு வருவதற்கு முன்னால் ஆறு வருடம் நான் விற்பனையில் இருந்தேன். உங்களைப் போன்றவர்களுக்கு, நீங்கள் கேட்காமலேயே, "ஒரு பதினைந்து நிமிடம் கிடைக்குமா?" என்று மடல் அனுப்புவதும், பதில் வராவிட்டால் மூன்றாம் நாள் இன்னொன்று, ஏழாம் நாள் இன்னொன்று என்று துரத்துவதும்தான் அப்போது என் பிழைப்பு. அதனால் இந்த விஷயத்தில் நான் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவன். நீங்கள் மரியாதை கருதி எழுதும் ஒரு பதில் அந்தப் பக்கத்துத் திரையில் என்னவாக மாறுகிறது என்று தெரிந்தால் வேறு மாதிரி எழுதுவீர்கள். அதற்காகத்தான் இந்த மடல்.

நம்மில் ஒருவருக்கு நடந்ததையே சொல்கிறேன். அவர் சம்மதம் வாங்கிவிட்டேன், பெயர் வேண்டாம். வருகைப்பதிவு மென்பொருள் விற்கும் ஒருவரிடமிருந்து அவருக்கு மடல் வந்தது. நம்மிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, நன்றாகவே ஓடுகிறது. ஆனாலும் முகத்தில் அடித்தாற்போல மறுக்க மனம் வராமல் இப்படி எழுதினார்:

"மடலுக்கு நன்றி. உங்கள் மென்பொருள் சுவாரசியமாக இருக்கிறது. இந்த ஆண்டு பட்ஜெட் முடிந்துவிட்டது. அடுத்த ஆண்டு பார்க்கலாம்."

நமக்குள் பேசும்போது 'பார்க்கலாம்' என்றால் 'வேண்டாம்' என்றுதான் பொருள். சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். ஆனால் விற்பனையாளர் அதை அப்படிப் படிக்க மாட்டார். நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் தெரியுமா? 'ஆர்வம் உண்டு, தடை: பட்ஜெட், அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் தொடர்பு கொள்ள வேண்டும்' என்று, வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருக்கும் சிஆர்எம் மென்பொருளில் பதிந்து, தேதியோடு ஒரு நினைவூட்டலும் போட்டிருப்பேன். அந்த வாரக் கூட்டத்தில் மேலாளரிடம் அதை ஒரு சின்ன வெற்றியாகவே காட்டியிருப்பேன். நம் நண்பருக்கும் அதுதான் நடந்தது. இடையில் மாதம் ஒரு 'தகவல் மடல்' வந்தது. ஆண்டு பிறந்ததும் "நீங்கள் சொன்னபடியே எழுதுகிறேன்" என்று ஒன்று வந்தது. இரண்டு நாள் கழித்துக் கைபேசிக்கே அழைப்பு வந்தது.

கைபேசி எண் எப்படிக் கிடைத்தது என்று அவர் கோபப்பட்டார். அவரே கொடுத்ததுதான். நம் மடல்களின் அடியில் தானாக ஒட்டிக்கொள்ளும் கையொப்பத்தில் பெயர், பதவி, நேரடி எண், கைபேசி எண் எல்லாம் இருக்கின்றன. அவர்களிடம் அதுவரை வெறும் முகவரிதான் இருந்தது. மறுப்பு மடல் போனதும் மீதி விவரங்களும் போய்ச் சேர்ந்துவிட்டன.

சரி, பதிலே போடாமல் விட்டால்? பலர் அதைத்தான் செய்கிறீர்கள், அதில் தவறும் இல்லை. ஆனால் இந்த மடல்களை ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதுவதில்லை. ஐந்து, ஏழு மடல்களை முன்கூட்டியே வரிசையாக எழுதி வைத்து, இத்தனை நாளுக்கு ஒன்று என்று மென்பொருளிடம் விட்டுவிடுவார்கள். பதில் வந்தால் வரிசை நிற்கும், வராவிட்டால் கடைசி மடல் வரை ஓடும். ஓடி முடிந்தால் பெயர் பட்டியலை விட்டுப் போய்விடாது. சில மாதம் கழித்து வேறு வரிசையில் ஏற்றுவார்கள். நானே ஏற்றியிருக்கிறேன்.

ஆக, மௌனத்தால் பட்டியலில் இருந்து வெளியே வர முடியாது. பதில் போட்டால் வரிசை நிற்கும், ஆனால் அந்தப் பதிலை ஒரு மனிதர் படித்து, உங்களை எந்தப் பெட்டியில் போடுவது என்று முடிவு செய்கிறார். வேலை முழுக்க அந்த ஒரு முடிவில்தான் இருக்கிறது. அவருக்கு ஒரே ஒரு பெட்டிதான் மிஞ்ச வேண்டும்.

நான் இப்போது அனுப்பும் பதில் இது:

"உங்கள் வருகைப்பதிவு மென்பொருள் எங்களுக்குத் தேவையில்லை, இது இறுதி முடிவு.
இந்த முகவரியை 'தொடர்பு கொள்ளக் கூடாது' என்று குறித்து வையுங்கள். இந்த மடலுக்குப் பதில் வேண்டாம்."

முதல் வரியில் காரணம் இல்லை என்பதைக் கவனியுங்கள். வேண்டுமென்றே விட்டதுதான். காரணம் சொல்வது நமக்கு மரியாதை, விற்பனையில் அதற்குப் பெயர் 'மறுப்புரை'. ஒவ்வொரு மறுப்புரைக்கும் தயாராக ஒரு பதில் வைத்திருப்பார்கள். பட்ஜெட் இல்லை என்றால் தவணை. நேரமில்லை என்றால் "உங்களுக்கு எந்த மாதம் வசதி?". ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்றால், இதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது, "ஒப்பந்தம் எப்போது முடிகிறது?". இதே மாதிரிப் பொருளுக்குப் பணம் கொடுத்துப் பழகிய இடம் என்று நீங்களே காட்டிக்கொடுத்துவிட்டீர்கள். புதிதாக வாங்க வைப்பதைவிட மாற வைப்பது எளிது என்று அவருக்குத் தெரியும். "இது என் பொறுப்பு இல்லை" என்று எழுதினாலோ, யாருடைய பொறுப்பு என்று கேட்டு உடனே மடல் வரும். (போன மாதம் மூன்று பேர் அதற்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறீர்கள். யார் யார் என்று தெரியும், சொல்ல மாட்டேன்.)

பொருளின் பெயரைச் சேர்ப்பதற்கும் காரணம் உண்டு. வெறும் "வேண்டாம்" என்று மட்டும் எழுதினால், "மடலை முழுதாகப் படித்தீர்களா? எது பொருந்தவில்லை?" என்று கேட்க இடம் இருக்கிறது. பெயரைச் சொன்னால், படித்துவிட்டுத்தான் மறுக்கிறார் என்று புரிந்துவிடும்.

இரண்டாம் வரியில் ஒரு சொல்லைத்தான் நான் வெகுநாள் தவறாக எழுதிக்கொண்டிருந்தேன். 'என் முகவரியை நீக்கிவிடுங்கள்' என்று எழுதுவேன். நல்ல விற்பனையாளர் சொன்னபடியே பதிவை முழுசாக அழித்துவிடுவார். அடுத்த முறை அந்த நிறுவனம் வெளியிலிருந்து ஒரு முகவரிப் பட்டியல் வாங்கும்போது அதில் நம் பெயர் இருக்கும். பழைய பதிவுதான் அழிந்துவிட்டதே, அதனால் நாம் புத்தம்புது ஆளாக உள்ளே போவோம், முதல் மடலில் இருந்து எல்லாம் மறுபடி தொடங்கும். பதிவு இருக்க வேண்டும், அதன்மேல் தடைக்குறி இருக்க வேண்டும். அப்போதுதான் புதுப் பட்டியல் ஏறும்போது மென்பொருள் பழையதோடு ஒப்பிட்டு நம் முகவரியைக் கழித்துவிடும். அதனால்தான் 'குறித்து வையுங்கள்' என்கிறேன்.

"பதில் வேண்டாம்" என்பது கடுமையாகத் தெரியலாம். உண்மையில் அது அவருக்குச் செய்யும் உதவி. அது இல்லாவிட்டால் "சரி ஐயா, எதிர்காலத்தில் தேவைப்பட்டால்..." என்று ஒரு மடல் எழுதியாக வேண்டும் என்று அவர் நினைப்பார், நீங்களும் அதற்கு ஒரு நன்றி சொல்வீர்கள், பேச்சு நீளும். நன்றி சேர்க்க விரும்பினால் முதல் வரியின் தொடக்கத்தில் ஒரு சொல்லாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், மூன்றாவது வரியாக வேண்டாம். மூன்றாவது வரி எழுத உட்கார்ந்தால் அங்கே காரணமோ 'வாழ்த்துகள், தொடர்பில் இருப்போம்' என்பதோ வந்து உட்கார்ந்துவிடும்.

அனுப்பும் விதத்திலும் இரண்டு கவனிக்க வேண்டும். வந்த மடலுக்கே 'ரிப்ளை' கொடுங்கள், அது எந்த முகவரிக்கு வந்ததோ அதிலிருந்தே கொடுங்கள். துறையின் பொது முகவரிக்கு வந்ததற்கு உங்கள் சொந்த முகவரியிலிருந்து பதில் போட்டால், இரண்டும் ஒருவர்தான் என்று அவர்கள் மென்பொருளுக்குத் தெரியாமல் போகலாம். பொது முகவரிக்கு வரிசை ஓடிக்கொண்டே இருக்கும், கூடவே உங்கள் முகவரியும் புதிதாகச் சேரும். அப்புறம், அனுப்பும் முன் அந்தக் கையொப்பத்தை அழித்துவிடுங்கள். பெயர் மட்டும் போதும்.

அனுப்பிய பிறகும் ஓரிரு மடல் வந்தால் உடனே கோபப்பட வேண்டாம். வேறொரு கருவியில் ஏற்கெனவே நேரம் குறித்து வைத்தவை வந்து சேரலாம். அமெரிக்காவின் 2003-ஆம் ஆண்டு கேன்-ஸ்பாம் சட்டமே, 'இனி அனுப்பாதே' என்ற கோரிக்கையை நிறைவேற்ற 10 வேலை நாள் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரில் 21-ஆம் பிரிவு, நேரடி விற்பனைக்குத் தன் விவரங்களைப் பயன்படுத்துவதை ஒருவர் மறுத்தால் நிறுத்தியே ஆக வேண்டும் என்கிறது. அந்தச் சட்டங்கள் நம் மடலுக்குப் பொருந்துகிறதோ இல்லையோ, பல நாடுகளில் விற்கும் நிறுவனங்கள் இந்தத் தடைக்குறியை வைத்திருப்பதே இப்படிப்பட்ட சட்டங்களால்தான். எனவே இரண்டு வாரம் பொறுங்கள். அதற்குப் பிறகும் வந்தால் மறுபடி எழுத வேண்டாம், ஸ்பாம் என்று குறித்துவிடுங்கள். இரண்டாவது மறுப்பு எழுதினால், இன்னும் கொஞ்சம் தட்டினால் மறுபடி பதில் கிடைக்கும் என்றுதான் அவர் கணக்குப் போடுவார். சில நிறுவனங்கள் தங்கள் முதன்மை டொமைனின் பெயர் கெடக்கூடாது என்று, ஓரெழுத்து மாற்றி வாங்கிய டொமைன்களிலிருந்து அனுப்புகின்றன. அங்கே ஒன்றைத் தடுத்தால் இன்னொன்று வரும். வந்த டொமைன் பெயர்களை எனக்கு அனுப்புங்கள், மொத்தமாகத் தடுக்கச் சொல்லி ஐடி பிரிவிடம் நான் பேசுகிறேன்.

எல்லாவற்றுக்கும் இந்த இரண்டு வரி செல்லாது. நம்மோடு ஒப்பந்தத்தில் இருப்பவர் புதுப் பொருள் ஒன்றைக் காட்டினால் அவருக்குக் காரணம் சொல்வதுதான் முறை. தெரிந்தவர் அறிமுகப்படுத்தி வந்தவருக்கும் அப்படியே. அனுப்பியவர் யார், எந்த நிறுவனம் என்றே தெரியாமல், இணைப்பைத் திற, கோப்பைத் திற என்று மட்டும் வருவதற்குப் பதிலே கூடாது. அங்கே நீங்கள் எழுதும் எதுவும், இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்பதற்குச் சான்றாகத்தான் போகும்.

நம் நண்பர் போன மாதம் அந்தப் பழைய மடலுக்கே ரிப்ளை கொடுத்து, கையொப்பத்தை அழித்துவிட்டு, இந்த இரண்டு வரியை அனுப்பினார். அனுப்பும் முன் என்னிடம் காட்டியபோது கீழே "தவறாக நினைக்க வேண்டாம்" என்று ஒரு வரி சேர்த்திருந்தார். அதை எடுக்கச் சொல்லி நான் கெஞ்ச வேண்டியிருந்தது. அதன் பிறகு மடலும் வரவில்லை, அழைப்பும் வரவில்லை.

ஏற்கெனவே யாருக்காவது 'பார்க்கலாம்' என்று எழுதியிருக்கிறீர்கள் என்றால், நினைவூட்டல் தேதி வருவதற்குள் அதே மடலுக்கு இதை அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
கொள்முதல் பிரிவிலிருந்து உங்கள் சக ஊழியர்