கையைக் கடிக்கிறது என்றால் என்ன? தேர்வு எழுதப்போகும் நண்பனுக்கு

மெல்போர்ன்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்பதைப் படித்த பிறகுதான் மனம் நிம்மதியடைந்தது. இங்கே நாங்கள் அனைவரும் நலம். ஆஸ்திரேலியாவில் மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்று வழங்கும் நாட்டி அமைப்பு நடத்தும் சி.சி.எல். என்ற வாய்மொழிபெயர்ப்புத் தேர்வுக்கு நீ பணம் கட்டிவிட்டதாகவும், இரவுதோறும் ஆங்கில மரபுத்தொடர்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்துவருவதாகவும் எழுதியிருந்தாய். குடியேற்ற விண்ணப்பத்தில் அந்த 5 புள்ளிகள் உனக்கு எவ்வளவு தேவை என்பதை அறிந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: அந்தப் பட்டியலை மூடி வைத்துவிடு.

தேர்வின் அமைப்பை ஒருமுறை நினைத்துப் பார். ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒருவரும் தமிழ் மட்டும் தெரிந்த ஒருவரும் பேசிக்கொள்ளும் இரண்டு உரையாடல்கள் ஒலிக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 300 சொற்கள் கொண்டது. 35 சொற்களுக்கு மிகாத துண்டுகளாக வரும். ஒவ்வொரு துண்டும் முடிந்ததும் நீ அதை மற்ற மொழியில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உரையாடலுக்கு 45 வீதம் மொத்தம் 90 மதிப்பெண். 63 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் ஒவ்வொன்றிலும் குறைந்தது 29 வேண்டும். நான் முதல்முறை மொத்தத்தில் 65 எடுத்தும் ஓர் உரையாடலில் 27 மட்டுமே பெற்றதால் தேறவில்லை என்பது உனக்கு நினைவிருக்கும். விட்டுப்போனாலும், சொல்லாததைச் சேர்த்தாலும், பொருள் மாறினாலும், நடை பிசகினாலும் மதிப்பெண் குறையும். பேச்சு மருத்துவமனை, வாடகை வீடு, பள்ளி, காப்பீடு, வேலை என்று அன்றாட வாழ்வைப் பற்றியதாகவே இருக்கும். அலங்காரமான மரபுத்தொடர்களுக்கு அங்கே வேலை குறைவு. சாதாரணச் சொல்லைப் போல முகம் காட்டிவிட்டு ஏமாற்றுகிற தொடர்களே நம்மைக் கவிழ்க்கின்றன.

சென்னையிலிருந்து புதிதாக வந்த ஒரு குடும்பத்துக்கு வீடு பார்க்கத் துணையாகப் போயிருந்தேன். வீட்டு முகவர் பன்னிரண்டு மாத லீஸ் என்று சொன்னார். நானும் யோசிக்காமல் "ஒரு வருஷம் லீஸ்" என்று தமிழில் சொன்னேன். அந்த அம்மாள் முகம் மலர்ந்து, "அப்போ மாசாமாசம் வாடகை கிடையாதா?" என்று கேட்டார். நம் ஊரில் வீட்டை லீசுக்கு எடுப்பதென்றால் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அந்தப் பணத்தை அப்படியே திரும்பப் பெறுவதல்லவா? முகவர் சொன்னதோ வெறும் வாடகை ஒப்பந்தம். பாண்ட் என்ற சொல்லும் அப்படித்தான். அதைக் கேட்டதும் நமக்குப் பத்திரத்தாள் நினைவுக்கு வரும். இங்கே அது நாம் அட்வான்ஸ் என்று சொல்லும் முன்பணம். விக்டோரியா மாநிலத்தில் அது வீட்டுக்காரர் கையில் இருப்பதில்லை, அதற்கென்றுள்ள அரசு அமைப்பிடம் இருக்கும். ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலியில் அப்படியே சொல்ல நேரும்போதெல்லாம், நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறொரு வாழ்க்கை இருக்கிறதா என்று ஒரு கணம் கேட்டுக்கொள்.

தேர்வில் வந்ததை வெளியே சொல்லக் கூடாது என்பதால், நானே அமைத்த ஒரு துண்டை எழுதுகிறேன். குடியிருப்பவர் தமிழில் பேசுகிறார்: "ஆறு மாசமா வாடகையை ஒழுங்காத்தான் கட்டிட்டு வந்தேன். போன மாசம் வேலை போச்சு, இப்ப ரொம்பக் கையைக் கடிக்குது. ஓனர்கிட்ட ரெண்டு வாரம் டைம் கேட்டிருந்தேன், பார்க்கலாம்னு சொன்னாராம்."

முதலில் தாளில் என்ன குறிப்பாய்? முழு வாக்கியம் எழுத நேரமிருக்காது. நான் "6மா வாடகை ✓, வேலை ✗ போ.மா, பணம் ↓, 2வா ஓனர், பாக்.-ஆம்" என்ற அளவில் நிறுத்திக்கொள்வேன். எண்களும் காலமும் கட்டாயம் தாளில் இருக்க வேண்டும். மற்றவற்றை நினைவு தாங்கும்.

இனி மொழிபெயர்ப்பு. "ஒழுங்காத்தான்" என்பதில் உள்ள "தான்" வெறும் அசை அன்று. என் மேல் குறை சொல்ல முடியாது என்கிற குரல் அதில் இருக்கிறது, ஆகவே "ஆல்வேஸ்" என்ற சொல்லாவது ஆங்கிலத்தில் வந்தாக வேண்டும். "வேலை போச்சு" என்பதை நீ ஒருமுறை தொலைபேசியில் "டெர்மினேட்டட்" என்று சொன்னாய். அது அவரை நிறுவனம் நீக்கிவிட்டதாக ஆக்கிவிடுகிறது. அவர் அப்படிச் சொல்லவில்லை, அவர் பேசிய எளிய நடையும் அதுவன்று. "ஐ லாஸ்ட் மை ஜாப்" என்பதே போதும். "கையைக் கடிக்குது" என்பதற்கு இணையான அழகிய தொடரைத் தேடி மூன்று வினாடி மௌனமாக இருப்பதைவிட "மணி இஸ் வெரி டைட்" என்று உடனே சொல்வது மேல். அப்படி ஒரு தொடர் தோன்றாவிட்டால், பணத்துக்குச் சிரமப்படுகிறேன் என்ற பொருளை நேராகச் சொல்லிவிடு. கடித்தலை மட்டும் அப்படியே கொண்டுபோய்விடாதே.

கடைசிச் சொல்தான் பலரும் தவறவிடுவது. "சொன்னார்" வேறு, "சொன்னாராம்" வேறு. உரிமையாளர் சொன்னதை இவர் நேரில் கேட்கவில்லை, யாரோ வந்து சொல்லியிருக்கிறார்கள். ஆகவே "அப்பேரன்ட்லி" என்றோ "ஐ வாஸ் டோல்ட்" என்றோ சேர்க்காவிட்டால், கேள்விப்பட்ட செய்தி வாக்குறுதியாக மாறிவிடும். "பார்க்கலாம்" என்பதும் சம்மதம் அன்று. அதை "ஓகே" என்று சொன்னால் உரையாடலின் முடிவே திசைமாறிப் போகும்.

எதிர்த்திசையிலும் இதே கவனம் வேண்டும். அதிகாரி "ஐயாம் அஃப்ரெய்ட்" என்று தொடங்கினால் அவருக்கு எந்தப் பயமும் இல்லை. "மன்னிக்கணும்" என்று தொடங்கு. அவர் "வீ" என்று சொல்வது அலுவலகத்தை, ஆகவே "நாங்கள்" என்றுதான் வர வேண்டும். "நாம்" என்று சொல்லிவிட்டால் விண்ணப்பித்தவரையும் அதிகாரிகளோடு சேர்த்துவிடுவாய். நடையைப் பற்றி நீ கேட்டிருந்தாய். "தங்களது கோரிக்கை நிராகரிக்கப்பட்டுள்ளது" என்பது அரசாணைக்குத்தான் பொருந்தும்; நேரில் அமர்ந்திருக்கும் ஒருவரிடம் யாரும் அப்படிப் பேசுவதில்லை. "உங்க கோரிக்கையை ஏத்துக்க முடியலைங்க" என்பது மரியாதையும் குறையாத, காதுக்கும் இயல்பான பேச்சு. ஆனால் அவர் கறாராகப் பேசினால் நீ "ங்க" சேர்த்துக் குழைத்துவிடக் கூடாது. அந்தக் கறாரும் செய்தியின் பகுதியே.

மருத்துவரிடம் பேசும் உரையாடல்களில் இன்னும் ஒரு விழிப்பு தேவை. "வயித்தைக் கலக்குது" என்று ஒருவர் சொன்னால் அவருக்குப் பயமா, வயிற்றுப்போக்கா என்பதை முன்பின் வந்த பேச்சைக் கொண்டுதான் முடிவுசெய்ய முடியும். "நெஞ்சை அடைக்குது" என்பதைத் துக்கம் என்று நினைத்துக் கவிதையாக மொழிபெயர்த்துவிடாதே. மருத்துவருக்கு நெஞ்சில் இறுக்கம் என்ற செய்தி அப்படியே போய்ச் சேர வேண்டும்.

துண்டு காதில் விழாவிட்டால் மறுபடி கேட்கத் தயங்காதே. உரையாடலுக்கு ஒருமுறை கேட்பதற்கு மதிப்பெண் குறைவதில்லை. சொன்னதையே திரும்பத் திரும்பத் திருத்துவதற்குத்தான் குறையும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் நேரம் காலை எட்டு மணிக்கு அழைக்கிறேன். பள்ளியில் ஆசிரியரைச் சந்திக்கும் பெற்றோரின் உரையாடல் ஒன்றைப் பன்னிரண்டு துண்டுகளாக எழுதி வைத்திருக்கிறேன். நான் இரு குரலிலும் படிக்கிறேன், நீ சொல். ஒரு தாளும் பென்சிலும் மட்டும் எடுத்துவைத்துக்கொள். அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்