ஒகேனக்கல்லுக்குக் கார் ஓட்டி வருகிறவர்களுக்குக் கரும்பு டிராக்டர்காரன் எழுதும் மடல்

ஓசூர், பெங்களூர் பக்கமிருந்து சனி ஞாயிறில் ஒகேனக்கல்லுக்கு வரும் எல்லோருக்கும் வணக்கம்.

பாலக்கோட்டிலிருந்து பாப்பாரப்பட்டி வழியாகப் பென்னாகரம் போகும் சாலையில் உங்களுக்கு முன்னால் ஊர்ந்து போகும் கரும்பு டிராக்டர்களில் ஒன்று என்னுடையது. ஆலையில் அரவை தொடங்கிவிட்டால் பெரும்பாலான நாட்கள் இந்தச் சாலையில்தான் இருப்பேன். வீட்டில் காரும் இருக்கிறது. டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் எவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்பது எனக்கும் தெரியும். அதனால் குறை சொல்ல இதை எழுதவில்லை. முன்னால் போகும் டிராக்டர் இடது பக்கம் ஒதுங்கினால், அது உங்களுக்கு சைடு கொடுக்கிறது என்று உடனே முடிவு கட்டாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

போன மாசியில் ஒருநாள், மாலை நாலரை மணி இருக்கும். ஆலையில் லோடு இறக்கிவிட்டு, அடுத்த லோடுக்காக வெறும் டிரெய்லரோடு ஒரு தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். தோட்டம் சாலைக்கு வலப்பக்கம். உள்ளே இறங்க, ஓடைக்கு மேல் பைப் போட்டு மண் கொட்டிய ஒரு சின்னப் பாலம். டிரெய்லரின் அகலத்தைவிட இரண்டு அடிதான் கூடுதல். இப்படிப்பட்ட இடத்தில் நேராகத் திருப்பினால் டிரெய்லரின் சக்கரம் உள்பக்கமாக இழுத்துக்கொண்டு வந்து பாலத்தின் ஓரத்தில் இறங்கிவிடும். அதனால் முதலில் இடப்பக்கம் நன்றாக ஒதுங்கி, அப்புறம் அகலமாக வலப்பக்கம் வளைக்க வேண்டும். அன்றும் வேகத்தைக் குறைத்து, இடது ஓரம் ஒதுங்கி, வலது கையை வெளியே நீட்டினேன்.

எனக்குப் பின்னால் ஒரு மினி வேன். அதற்குப் பின்னால் ஒரு கார். வேன்காரர் உள்ளூர்க்காரர், கையைப் பார்த்துவிட்டு மெதுவாக்கினார். காரில் இருந்தவருக்கு வேன் மறைத்ததால் என் கை தெரியவில்லை. டிராக்டர் ஒதுங்கியதும் வேன் மெதுவாவதும் மட்டும் தெரிந்தன. இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் முந்தப் பார்த்தார். நான் வளைக்கத் தொடங்கிய நேரத்தில் டயர் தேயும் சத்தம் கேட்டது. பிரேக்கை அழுத்தி நிறுத்திவிட்டேன். கார் என் முன்சக்கரத்துக்கு ஒரு முழ தூரத்தில் விலகி, வலப்பக்க மண்ணில் இறங்கி, புளியமரத்துக்கு முன்னால் நின்றது. பின் சீட்டில் இரண்டு குழந்தைகள். இறங்கி ஓடிப்போய் நான் பார்த்தபோது சின்னவள் அழக்கூட இல்லை, அப்பாவின் பின்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அவர் மேல் மட்டும் தப்பு என்று சொல்ல மாட்டேன். என் டிரெய்லரின் இண்டிகேட்டர் வயர் அன்று கழன்று கிடந்தது. ஆனால் வயர் நன்றாக இருந்தாலும், கரும்பு ஏற்றியபின் அதன் காய்ந்த இலையான சோகை தொங்கி விளக்கை மறைத்துவிடும். கரும்பு பக்கவாட்டில் பிதுங்கி நிற்பதால் பின்னால் வருகிறவர் எங்களுக்குக் கண்ணாடியில் தெரிய மாட்டார். என்ஜின் இரைச்சலில் ஹாரனும் கேட்காது. ஆகவே "ஹாரன் அடித்தேன், அவருக்குத் தெரியும்" என்று நம்பி வராதீர்கள்.

விளக்கை நம்ப முடியாவிட்டால் வேறு எதைப் பார்ப்பது? காரணமில்லாமல் டிராக்டரின் வேகம் குறைகிறதா என்று பாருங்கள். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை, எதிரே வண்டியும் இல்லை, ஆனால் என்ஜின் சத்தம் தணிகிறது என்றால் அவர் எங்கோ திரும்பப் போகிறார். டிரைவரின் தலை தெரிந்தால் அதைப் பாருங்கள். திரும்பப் போகிறவர் பெரும்பாலும் ஒருமுறையாவது தோளுக்கு மேல் பின்னால் பார்ப்பார். பிறகு சாலையின் வலப்பக்கத்தைப் பாருங்கள். தார் ரோட்டில் ஈர மண் தடம், சிதறிக் கிடக்கும் சோகை, வரப்பில் கரும்புக் கட்டுகளோடு நிற்கும் வெட்டு ஆட்கள், பைப் பாலம், இவற்றில் ஏதாவது ஒன்று கண்ணில் பட்டால் அந்த இடத்தைத் தாண்டும் வரை பின்னாலேயே வாருங்கள். டிரைவர் கையசைத்து "போ" என்றாலும் எதிர்ப்பக்கத்தை நீங்களே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் உங்கள் காரின் வேகம் அவருக்குத் தெரியாது.

இதையெல்லாம் பார்க்க வேண்டுமானால் கொஞ்சம் தள்ளி வர வேண்டும். ஐந்து மீட்டரில் ஒட்டிக்கொண்டு வந்தால் கண்ணாடி முழுக்கக் கரும்பாகத்தான் இருக்கும். இருபது, இருபத்தைந்து மீட்டர் விட்டு வந்தால் எதிர்ச்சாலையும் ஓரங்களும் தெரியும். முந்துவதற்கு வேகம் பிடிக்கவும் இடம் கிடைக்கும்.

சரி, முந்த எவ்வளவு நீளம் வேண்டும்? ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். டிராக்டரும் டிரெய்லரும் வெளியே நீட்டிய கரும்புமாகச் சேர்த்து 10 மீட்டர். பின்னால் 15, முன்னால் 15 மீட்டர் இடைவெளி, உங்கள் கார் 4 மீட்டர். மொத்தம் 44 மீட்டர் நீங்கள் கூடுதலாக ஓட வேண்டும். டிராக்டர் மணிக்கு 20 கிலோமீட்டர், நீங்கள் வேகம் பிடித்துச் சராசரியாக 45 என்று வைத்தால் ஆறு விநாடிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அதற்குள் நீங்கள் 80 மீட்டர் ஓடியிருப்பீர்கள். எதிரே 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பஸ் 105 மீட்டர் வந்திருக்கும். இரண்டையும் கூட்டினால் 185. இது முட்டாமல் தப்பும் அளவுதான். நிதானமாகத் திரும்பி வர 300 மீட்டர் வேண்டும்.

300 மீட்டரைக் கண்ணால் எப்படி அளப்பது? பல சாலைகளில் கிலோமீட்டர் கல்லுக்கு நடுவே 2, 4, 6, 8 என்று எழுதிய சின்னக் கற்கள் இருக்கும். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் 200 மீட்டர். காரில் போகும்போது இரண்டு முறை அந்தத் தூரத்தை மனதில் வாங்கிக்கொண்டால் போதும், அதற்கும் பாதி சேர்த்துப் பார்க்கப் பழகிவிடும். வளைவோ மேட்டு உச்சியோ இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம், காத்திருங்கள். முன்னால் ஒரு கார் முந்திப் போனதும் அதன் பின்னாலேயே ஒட்டிப் போவதும் கூடாது. அவர் பார்த்த இடைவெளி அவருக்கு மட்டுமே போதுமானது.

மாட்டு வண்டிக்கு வேறு முறை. அது மனிதர் நடக்கும் வேகத்தில்தான் போகும், அதனால் கடக்கக் குறைந்த நேரமே ஆகும். ஆனால் மாடு மிரளும். பக்கத்தில் வந்து ஹாரன் அடித்தால், புதிதாகப் பூட்டிய மாடு பெரும்பாலும் நடு ரோட்டுக்கே இழுக்கும். தூரத்திலேயே ஒருமுறை லேசாக அடியுங்கள், வண்டிக்காரர் தலைக்கயிறைப் பிடித்துக்கொள்வார். அப்புறம் ஒரு ஆள் நிற்கும் அளவு இடம் விட்டு, ஆக்சிலேட்டரை அழுத்தாமல் கடந்து போங்கள். இருட்டிய பின் சில வண்டிகளில் பின்னால் ஒளிரும் ஸ்டிக்கர்கூட இருக்காது, ஆகவே ஹெட்லைட் வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் நிற்கக்கூடிய வேகத்தில்தான் ஓட்ட வேண்டும்.

என் பங்குக்கு இந்தப் பருவத்தில் டிரெய்லரின் பின்பலகையில் சிவப்பு ஒளிர் பட்டை ஒட்டியிருக்கிறேன். லோடு ஏற்றியதும் சோகையை அரிவாளால் வெட்டி விளக்கைத் திறந்துவிடுகிறேன். தோட்டத்துக்குள் திரும்புமுன் நூறு மீட்டர் இருக்கும்போதே கையை நீட்டுகிறேன். நீங்கள் அந்தக் கையைப் பார்த்துவிட்டால், நான் உள்ளே இறங்கும் வரை கொஞ்ச நேரம் மட்டும் பின்னாலேயே நில்லுங்கள்.