அசெம்பிளியில் பேசிய அந்த அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும், முக்கியமாக சுகாதார மன்றத்தின் ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கும்,

என் மகன் இன்று தொப்பி இல்லாமல் பள்ளிக்குப் போனான். அந்தச் சந்தோஷத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவன் தலையில் படர்தாமரை வந்து முடி கொட்டியது உங்கள் எல்லோருக்கும் தெரியும், திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

திங்கட்கிழமை அசெம்பிளியில் துண்டு, சீப்பு, சீருடை பற்றிப் பேச வேண்டும் என்று முடிவானதும் எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. பெயர் சொல்லாமலே ஒரு பிள்ளையை எல்லோருக்கும் அடையாளம் காட்டிவிட முடியும். முந்தின நாள் மாலை அந்தப் பெண் போன் செய்து, “ஆன்ட்டி, தம்பிகிட்ட பேசலாமா? நான் எழுதியதை அவனுக்கு ஒரு தடவை படித்துக் காட்ட வேண்டும்” என்றாள். மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் படித்தாள். ஒரு வரி வந்ததும் இவன் பேசாமல் இருந்துவிட்டான். “தலையில் வட்டமாக முடி கொட்டியிருப்பவர்களின் சீப்பைத் தொடாதீர்கள்” என்ற வரி. “இது வேண்டாமா?” என்று அவளே கேட்டாள். “வேண்டாம் அக்கா” என்றான். “சரி, அடித்துவிட்டேன். இதற்குப் பதிலாக என்ன சொல்லலாம்?” என்று அவனிடமே கேட்டாள். “யார் சீப்பும் வேண்டாம்னு சொல்லுங்க” என்றான்.

அந்த மாற்றம் மருத்துவ ரீதியாகவும் சரிதான். தலையில் வரும் படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சை, எந்த அறிகுறியும் இல்லாத பிள்ளையின் தலையிலும் இருக்கலாம். செதில் உதிர்வதையும், வேரருகே ஒடிந்து கறுப்புப் புள்ளியாக நிற்கும் முடியையும் கண்ணால் பார்த்து ஒதுங்கலாம் என்று நினைத்தால், பார்வைக்கு நன்றாக இருக்கும் தலையிலிருந்து வந்த சீப்பை வாங்கிக்கொள்வோம். அதனால் யாருடையதும் வேண்டாம் என்பதுதான் பயன்படும் விதி.

மறுநாள் அவள் பேசியதைப் பின்வரிசையில் நின்று கேட்டேன். இது குளிக்காதவர்களுக்கு வரும் நோய் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் என்றுதான் தொடங்கினாள். பூஞ்சைக்கு வேண்டியது ஈரமும் சூடும். விளையாடி முடித்ததும் நான்கு பேர் முகம் துடைத்த துண்டிலும், வியர்வையோடு கழற்றி அடுத்தவனுக்குக் கொடுத்த கோல்கீப்பர் ஜெர்ஸியிலும் அது கிடைக்கிறது. உதிர்ந்த செதிலிலும் முடித்துண்டிலும் பூஞ்சையின் வித்துகள் பல நாள் உயிரோடு இருக்கும், வெறுமனே உதறிப் போட்டால் போகாது என்றாள். தொற்று உள்ளவரின் துணியைத் தனியாக, சூடு தாங்கும் துணியானால் 60 டிகிரி வெந்நீரில் துவைத்து, முழுக்கக் காய்ந்த பிறகே மடிக்கச் சொன்னாள்.

அப்புறம் அவள் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. நண்பன் சீப்பு கேட்டால் எப்படி மறுப்பது என்று ஒரு மாணவனை முன்னால் கூப்பிட்டு நடித்துக் காட்டினாள். “தரமாட்டேன்” என்று சொல்லவில்லை. “எனக்கு உன்மேல் கோபம் எதுவும் இல்லைடா, நம் ரெண்டு பேர் தலைக்கும் இதுதான் நல்லது” என்றாள். பகிர்ந்துகொள் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளைகளுக்கு, எதைப் பகிரக் கூடாது என்பதோடு அதை மனம் நோகாமல் சொல்லும் வார்த்தையும் வேண்டியிருக்கிறது. அந்த வார்த்தையைக் கொடுத்ததற்குத்தான் என் பெரிய நன்றி.

ஜெர்ஸிகளுக்குத் தனித்தனிப் பையும் பெயர்ச்சீட்டும் போட்ட உடற்பயிற்சி ஆசிரியர், இடம் மாற்றாமல் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்த நண்பன், மருந்து தொடங்கியாயிற்று என்று சொன்னதுமே வகுப்பில் சேர்த்துக்கொண்ட வகுப்பாசிரியை, தங்கள் பிள்ளைகளின் தலையையும் பரிசோதிக்கக் கூட்டிப்போன பெற்றோர்கள், எல்லோருக்கும் நன்றி.

பெற்றோர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை தலையில் செதிலோ சொட்டையோ தெரிந்தால், மருந்துக்கடையில் நீங்களாகக் கிரீம் வாங்கிப் பூசாதீர்கள். பூஞ்சை முடிக்குள்ளேயே இருப்பதால் மேலே தடவும் மருந்து மட்டும் போதாது, வாரக்கணக்கில் மாத்திரை வேண்டும். உடம்பில் வரும் வட்டத்துக்கும் கவனம் தேவை. ஸ்டீராய்டு கலந்த கிரீம் போட்டால் அரிப்பும் சிவப்பும் முதலில் அடங்கும். வட்டத்தின் விளிம்பு மங்கி, அடையாளமே தெரியாமல் பூஞ்சை பரவும். பிறகு டாக்டருக்கே கண்டுபிடிப்பது கடினமாகிவிடும்.

எங்கள் வீட்டில் இனி ஆளுக்கொரு துண்டு, ஆளுக்கொரு சீப்பு. முடி வளர்ந்துவிட்டது என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்தப்போவதும் இல்லை. டாக்டர் போதும் என்று சொல்லும்வரை கொடுப்பேன். அடுத்த அசெம்பிளியில் பேன் பற்றிப் பேசப்போவதாக அந்தப் பெண் சொன்னாள். அதையும் முதலில் இவனுக்குத்தான் படித்துக் காட்டுவாளாம்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனின் அம்மா