வங்கி தப்பே போடாதாமே?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பென்ஷன் பாட்டி சிறுகதையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை எனக்காக. இரண்டாம் முறை அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். அவளுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. புரை எடுத்த பிறகும் உங்கள் பத்திரிகையின் பொடி எழுத்து தெரிவதில்லை. (எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள் என்று முன்பொரு தடவை எழுதினேன். அந்தக் கடிதத்தில் பாராட்டு இருந்த முதல் இரண்டு வரிகளை மட்டும் பிரசுரித்தீர்கள். நன்றி.)

கதையில் பாட்டி மாதாமாதம் வரும் குடும்பப் பென்ஷனை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறாள். பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வந்ததும் வரிக்கு வரி பார்த்து டிக் போடுகிறாள். பேரன் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறான். அதுவரை சரி. அப்புறம் வருகிறது இந்த வரி: “வங்கி ஒருநாளும் தப்புப் போடாது என்று பாட்டிக்குத் தெரியாதா என்ன? அவளுக்குப் பொழுது போகவேண்டுமே.”

நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “இதை எழுதினவர் வீட்டுல யாருக்கும் பென்ஷன் வரலையா?”

ஆசிரியர் அவர்களே, தங்களுக்குத் தெரியாததல்ல. மத்திய அரசுக் குடும்பப் பென்ஷன் வாங்குபவருக்கு எண்பது வயது நிறைந்தால் அசல் பென்ஷனில் 20 சதவீதம் கூடுதலாகத் தரவேண்டும். எண்பத்தைந்தில் அது 30 சதவீதம். பிறந்த நாள் 20ஆம் தேதி என்றாலும் அந்த மாதம் 1ஆம் தேதியிலிருந்தே கணக்கு. யாரும் மனுப் போட வேண்டியதில்லை, தானாக வரவேண்டும். வங்கிக் கணினியில் பிறந்த தேதி இருந்தால் வரும்.

அம்மாவுக்கு 2024 பிப்ரவரியில் எண்பது நிறைந்தது. அப்பா மத்திய அரசில் எழுத்தராக இருந்தவர். அம்மாவின் அசல் பென்ஷன் 9,500 ரூபாய். அப்போது பஞ்சப்படி 46 சதவீதம், ஆக மாதம் 13,870. அம்மா ஐந்தாம் வகுப்புதான் படித்தவள். ஆனால் ஜனவரியிலேயே நோட்டில் எழுதி வைத்துவிட்டாள்: அசல் 9,500, எண்பது வயதுக் கூடுதல் 1,900, இரண்டும் சேர்த்து 11,400, அதற்குப் பஞ்சப்படி 5,244, மொத்தம் 16,644. கூடுதல் தொகைக்கும் பஞ்சப்படி உண்டு என்பது படித்த எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பிப்ரவரி 29ஆம் தேதி வந்தது பழைய 13,870தான். நோட்டில் அந்த வரிக்கு நேரே டிக் விழவில்லை, ஒரு சுழி விழுந்தது.

அடுத்த மாதம் நடந்ததுதான் கதாசிரியருக்குத் தெரிய வேண்டியது. ஏப்ரல் 2ஆம் தேதி 15,010 ரூபாய் வரவாகியிருந்தது. 1,140 ரூபாய் அதிகம். சென்னையிலிருந்து என் தம்பி போன் செய்து, “அம்மா, எண்பது வயசுப் பணம் வந்துடுச்சு, இனிமே நோட்டை மூடு” என்றான். வங்கிக்குப் போனால் அங்கிருந்த பிள்ளையும் அதையேதான் சொன்னார்: “ஏறித்தானே பாட்டிம்மா வந்திருக்கு?”

அம்மா அசையவில்லை. “தம்பி, இது பஞ்சப்படி. மார்ச்சில் 50 ஆக்கினாங்க, ஜனவரியிலிருந்து. 9,500க்கு 50 போட்டா 14,250. ஜனவரிக்கும் பிப்ரவரிக்கும் அரியர் 380, 380. கூட்டிப் பாருங்க” என்றாள். அவர் கால்குலேட்டரைத் தட்டினார். 15,010. “அடுத்த மாசம் 760 குறைஞ்சு வரும், அப்ப என்னை நம்புவீங்க” என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டாள். ஏப்ரல் மாதப் பென்ஷன் 14,250 வந்தது. சரியாக 760 குறைவு.

கதையில் வருகிற மாதிரி பாஸ்புக்கோடு மட்டும் ஒப்பிட்டிருந்தால் இது பிடிபட்டிருக்காது. பாஸ்புக்கில் இருப்பது ஒரே ஒரு மொத்தத் தொகை. அதில் அசல் எவ்வளவு, பஞ்சப்படி எவ்வளவு, அரியர் எவ்வளவு என்று பிரித்து இருக்காது. வந்ததை நோட்டில் எழுதி, வந்ததோடே ஒப்பிட்டு டிக் போட்டால் எல்லா மாதமும் சரியாகத்தான் இருக்கும்! உங்கள் கதைப் பாட்டி செய்வது அதுதான். அம்மாவின் நோட்டில் இரண்டு பத்தி உண்டு, ‘வரவேண்டியது’ ஒன்று, ‘வந்தது’ ஒன்று. முதல் பத்தியை மாதம் பிறக்கும்போதே எழுதிவிடுவாள். இரண்டாவதைத்தான் பாஸ்புக்கைப் பார்த்து நிரப்புவாள். பஞ்சப்படி ஜனவரிக்கும் ஜூலைக்கும் மாறும், ஆனால் அறிவிப்பு பிந்தி வரும். ஆகவே வருஷத்தில் இரண்டு தடவை அரியர் கலந்த மாதம் ஒன்று வரும். தப்பு ஒளிந்துகொள்வது அந்த மாதங்களில்தான் என்பாள். அரியர் இல்லாத மாதத்தை எடுத்துக்கொண்டு, அசலை வைத்துக் கணக்குப் போட்டால் வெளியே வந்துவிடும்.

எண்பது வயதுக் கூடுதல் வராததற்குக் காரணம் என்னவென்றால், அப்பா இறந்து பென்ஷன் அம்மா பெயருக்கு மாறியபோது வங்கியில் அவளுடைய பிறந்த தேதியை ஏற்றவே இல்லை. அவளிடம் இருக்கும் பென்ஷன் ஆணையான பி.பி.ஓ. புத்தகத்தில் தேதி தெளிவாக இருக்கிறது. திரையில் அந்தக் கட்டம் காலி. தேதி இல்லாதவருக்குக் கணினி எப்படி எண்பது வயது ஆக்கும்? ஆதார், பான் நகல், பி.பி.ஓ. புத்தகத்தின் நகல், ஒரு கடிதம் எல்லாம் கொடுத்தோம். கிளையில் திருத்த முடியாது, பென்ஷனை மொத்தமாகக் கவனிக்கும் மைய அலுவலகத்துக்குத்தான் போகவேண்டும் என்றார்கள். மூன்று முறை நடந்தோம். இரண்டாம் முறை, கொடுத்த கடிதத்தையே காணவில்லை. நல்லவேளை, நகலில் முத்திரை வாங்கி வைத்திருந்தாள்.

செப்டம்பர் 30 அன்று வந்தது 37,050 ரூபாய். அம்மாவின் ‘வரவேண்டியது’ பத்தியில் 17,100, அதன் கீழே அரியர் ஏழு மாதத்துக்கு 2,850 வீதம் 19,950 என்று ஏற்கெனவே இருந்தது. (பிப்ரவரிக்கு மட்டும் ஏற்கெனவே தந்த பஞ்சப்படி அரியரைக் கழித்துக் கொள்ளவேண்டாமா என்று நான் புத்திசாலித்தனமாகக் கேட்டேன். அது 9,500க்கு உரியது, இது 1,900க்கு உரியது, அதிலே இது வராது என்றாள். நான் பி.காம்.)

அத்தோடும் விடவில்லை. பென்ஷன் அரியரைத் தாமதமாகப் போட்டால் தாமதமான நாட்களுக்கு வருஷம் 8 சதவீதம் வட்டியை வங்கி தானாகவே தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வாடிக்கையாளர் கேட்கவே வேண்டாம். எங்களுக்கு வரவில்லை. நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்கப் போனபோது அம்மா கேட்டாள். மாதத்துக்கு 19 ரூபாய், ஏழு மாதப் பாக்கி ஒவ்வொன்றும் எத்தனை மாதம் பிந்தியதோ அத்தனை 19, எல்லாம் கூட்டினால் 530 ரூபாய் சுமாருக்கு வரும் என்று துண்டுச் சீட்டில் எழுதியே கொண்டுபோயிருந்தாள். அங்கிருந்தவர் அப்படி ஒரு விதியையே கேள்விப்பட்டதில்லை. டிசம்பரில் 500 சொச்சம் வந்தது.

பொழுது போகவில்லை, அதனால் இத்தனையும் செய்தாள். சரிதானே?

இன்னும் இரண்டு சங்கதி. கதையில் பாட்டி மார்ச் 31ஆம் தேதி ராத்திரி அரிக்கேன் விளக்கடியில் “இந்த மாசமும் வந்துடுச்சு” என்று டிக் போடுகிறாள். விளக்கை விடுங்கள், அந்த ஊரில் கரண்ட் இல்லை போலிருக்கிறது. ஆனால் மத்திய அரசுப் பென்ஷன் எல்லா மாதமும் கடைசி வேலை நாளில் வரும், மார்ச் மாதத்துக்கு மட்டும் வராது. அது ஏப்ரலின் முதல் வேலை நாளில்தான் வரும். ஏப்ரல் 1 வங்கிக் கணக்கு முடிப்பு நாள் என்பதால் பெரும்பாலும் 2ஆம் தேதியோ அதற்குப் பிறகோ ஆகிவிடும். மார்ச் கடைசியில் மளிகைக் கடையில் பாக்கி சொல்லாத பென்ஷன் வீடு எங்கள் தெருவில் இல்லை. கதாநாயகியின் கணவர் மத்திய அரசில் வேலை பார்த்தார் என்று இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன்.

அடுத்தது முடிவு. பாட்டி போன பிறகும் மூன்று மாதம் பென்ஷன் வந்துகொண்டே இருக்கிறதாம், பேரன் கண்ணீரோடு நோட்டில் டிக் போடுகிறானாம். ஐயா, இறந்த நாள் வரைக்கும்தான் பென்ஷன். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ரூபாயையும் வங்கி திரும்ப எடுத்துக்கொள்ளும். பேரன் செலவழித்திருந்தால் அவனிடம் கேட்கும். அவன் டிக் போட்டிருக்க வேண்டிய நேரத்தில் இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு கிளைக்கு ஓடியிருக்க வேண்டும். இந்த இடத்தைப் படித்தபோது அம்மா சிரித்துவிட்டாள். “நான் போனா மறுநாளே போய்ச் சொல்லிடு. பாக்கி வைக்காதே” என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்கள் கதைகளில் பாட்டிகள் வெற்றிலை இடிப்பார்கள், வடாம் காயவைப்பார்கள், மருமகளைக் குத்திப் பேசுவார்கள், கடைசிப் பத்தியில் செத்துப்போவார்கள். கணக்குப் பார்த்தால் அது வேடிக்கை. அதே நோட்டைத் தாத்தா வைத்திருந்தால் “கண்டிப்பானவர்” என்று எழுதியிருப்பீர்கள். சில வருஷங்களுக்கு முன் தீபாவளி மலரில் வட்டிக் கணக்கு எழுதும் தாத்தா ஒருவர் வந்தாரே, அவருக்கு ஓவியரும் கண்ணாடி, மேஜை, நாற்காலி எல்லாம் போட்டுக் கௌரவித்திருந்தார். இந்தப் பாட்டியைத் தரையில் உட்காரவைத்து, கையில் தபால் அலுவலகப் பாஸ்புக்கைக் கொடுத்திருக்கிறார். கதையில் வங்கி என்று இருக்கிறது.

இவ்வளவு எழுதியும் நான் கேட்பது ஒன்றுதான். இந்தக் கதையைத் தொகுப்பில் சேர்ப்பதாக இருந்தால் ‘மார்ச் 31’ என்பதை ‘ஏப்ரல் 2’ என்று மாற்றச் சொல்லுங்கள். முதலில் சொன்ன அந்த வரியைப் பற்றிக் கதாசிரியரிடம் நீங்கள் பேசுவீர்கள் என்ற நம்பிக்கை எனக்கில்லை.

இந்தக் கடிதத்தைச் சுருக்கித்தான் போடுவீர்கள் என்று தெரியும். சுருக்கினாலும் எண்பது வயதுக்கு 20 சதவீதம் என்பதை மட்டும் வெட்டாதீர்கள். பிறந்த தேதிக் கட்டம் காலியாக இருக்கும் பாட்டிகள் உங்கள் வாசகர்களிலும் சிலர் இருப்பார்கள்.

இப்படிக்கு,
22 வருடச் சந்தாதாரர்,
மன்னார்குடி