கட்டி ஆறிய பிறகும் மூக்கில் தங்கும் கிருமி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவமனைத் தொற்றுகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத எம்.ஆர்.எஸ்.ஏ. என்னும் கிருமி கண்டறியப்பட்ட நோயாளியைத் தனி அறைக்கு மாற்றிவிட்டால் பரவல் நின்றுவிடும் என்ற பொருள்படும் வரிகளைப் படித்தேன். தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில், அறையை மாற்றுவதோடு வேலை முடிவதில்லை என்பதை ஒரு நோயாளியின் அனுபவத்தைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

அவர் லாரி ஓட்டுநர். பிட்டத்தில் ஓராண்டுக்குள் மூன்றாவது முறையாகச் சீழ்க்கட்டி வந்திருந்தது. முதல் இரண்டு முறையும் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். கட்டி தானாக உடைந்து ஆறியதை மாத்திரையின் பலன் என்றே நம்பியிருக்கிறார். இம்முறை அறுவை மருத்துவர் கட்டியைக் கீறிச் சீழை முழுவதும் வெளியேற்றி, அதில் சிறிது ஆய்வகத்துக்கும் அனுப்பினார். சீழ்க்கட்டிக்கு இவ்வாறு கீறி வடிப்பதே முதன்மையான சிகிச்சை. மாத்திரை அதற்குத் துணைதான். இரண்டு நாளில் வந்த அறிக்கை, பென்சிலின் வகை மருந்துகளுக்கும் செஃபலெக்சின் போன்றவற்றுக்கும் கட்டுப்படாத ஸ்டாஃபிலோகாக்கஸ் என்னும் பாக்டீரியா, அதாவது எம்.ஆர்.எஸ்.ஏ., என்றது.

அவருக்கு அடுத்து குடலிறக்கத்துக்குச் செயற்கை வலை வைக்கும் அறுவை சிகிச்சை செய்யவேண்டியிருந்தது. வலையில் இக்கிருமி குடியேறினால் அகற்றுவது மிகக் கடினம் என்பதால், மூக்குத் துவாரங்கள், தொண்டை, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்தோம். மூக்கிலும் தொடையிடுக்கிலும் கிருமி இருந்தது. அங்கே அது எந்தத் தொந்தரவும் தராமல் வாழ்கிறது; சுமப்பவருக்கே தெரியாது. மூக்கைத் தொட்ட கை உடம்பைச் சொறியும்போது சிறு சிராய்ப்பு வழியே உள்ளே இறங்கி மறுபடியும் கட்டியாகிறது. அவருக்குக் கட்டி திரும்பத் திரும்ப வந்ததற்கு இதையே காரணமாகக் கருதினோம்.

அவரைத் தனி அறைக்கு மாற்றினோம். உள்ளே செல்லும் ஒவ்வொருவரும் கையுறையும் மேலங்கியும் அணிந்து, வெளியே வரும்போது அவற்றைக் கழற்றிவிட்டுக் கையைக் கிருமிநாசினியால் தேய்க்க வேண்டும். இரத்த அழுத்தக் கருவி அந்த அறையிலேயே இருக்க வேண்டும். ஊழியர்கள் இதைக் கடைப்பிடித்தார்கள். ஆனால் துணைக்கு இருந்த அவர் மனைவியிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர் புண்ணைத் துடைத்த கையோடு பொது வார்டின் குழாயடிக்கு வந்து, பக்கத்துப் படுக்கைப் பாட்டிக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்ததை நானே பார்த்தேன். அந்தத் தவறு அவருடையதன்று, எங்களுடையது.

மூக்கிலும் தோலிலும் தங்கிய கிருமியை மருந்தால் நீக்கும் கிருமியகற்றலிலும் அப்படித்தான் நடந்தது. முபிரோசின் 2 சதவீதக் களிம்பை, தீக்குச்சி முனையளவு எடுத்து, இரு மூக்குத் துவாரங்களிலும் நாளுக்கு இரண்டு அல்லது மூன்று முறை தடவ வேண்டும். குளோர்ஹெக்சிடின் 4 சதவீதத் திரவத்தால் தினமும் குளிக்க வேண்டும். இரண்டும் 5 நாள்கள். முடித்து எடுத்த மாதிரியில் மூக்கு தூய்மையாக இருந்தது, தொடையிடுக்கில் கிருமி அப்படியே இருந்தது. பொறுமையாக விசாரித்தபோது காரணங்கள் தெரிந்தன. சாதாரண சோப்பைப்போலப் பூசிய உடனே கழுவியிருக்கிறார். திரவம் ஈரத்தோலில் ஒரு நிமிடமாவது இருக்க வேண்டும். ஐந்து நாளும் ஒரே துண்டு, அதையே மனைவியும் பயன்படுத்தியிருக்கிறார். இவற்றைவிடப் பெரிய பிழை, புண் ஆறுவதற்கு முன்பே நாங்கள் அவசரப்பட்டுத் தொடங்கியது. திறந்த புண் இருக்கும்வரை கிருமி அங்கிருந்து தோலுக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும்.

புண் முழுவதும் ஆறிய பிறகு, கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து மறுபடி 5 நாள்கள் செய்தோம். துண்டு, உள்ளாடை, படுக்கை விரிப்பு ஆகியவற்றை அன்றாடம் மாற்றி வெந்நீரில் துவைத்தார்கள். மருந்து முடிந்து இரண்டு நாள் கழிந்த பின்னரே மாதிரி எடுத்தோம். அதற்கு முன் எடுத்தால் தோலில் எஞ்சியிருக்கும் மருந்தே பொய்யான நல்ல முடிவைக் காட்டிவிடும். வாரத்துக்கொன்றாக எடுத்த மூன்று மாதிரிகளிலும் கிருமி இல்லை. அறுவை சிகிச்சை நடந்தது. ஆயினும் இது நிரந்தர விடுதலையன்று, மாதங்கள் கழித்துக் கிருமி திரும்பக்கூடும் என்பதையும் அவரிடம் சொல்லியே அனுப்பினோம்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் எல்லோருக்குமே இந்தக் கிருமியகற்றலைச் செய்யலாமா என்ற கேள்விக்கு, அமெரிக்காவில் 43 மருத்துவமனைகளில் நடந்து 2013இல் வெளியான ஆய்வு விடை தந்தது: எம்.ஆர்.எஸ்.ஏ. காணப்படுவது 37 சதவீதம் குறைந்தது. ஆனால் முபிரோசினைக் கணக்கின்றிப் பயன்படுத்தினால் அதற்கும் கிருமி பழகிவிடும். ஆகவே பொது வார்டுகளில், கட்டி அடிக்கடி வருபவர்கள், வலையோ உலோகமோ பொருத்தப்படவிருப்பவர்கள் ஆகியோரைத் தேர்ந்து பரிசோதிப்பதே பொருத்தம் என்பது என் கருத்து.

அந்த நிகழ்வுக்குப் பின், தனி அறையின் கதவில் ஊழியர்களுக்கான அறிவிப்போடு, துணைக்கு இருப்பவருக்கான தாளொன்றையும் தமிழில் ஒட்டத் தொடங்கினோம். எப்போது கை தேய்ப்பது, துண்டை எங்கே போடுவது, திரவத்தை எவ்வளவு நேரம் உடலில் விடுவது என்ற மூன்று செய்திகள் மட்டுமே அதில் இருந்தன. பிற மருத்துவமனைகளும் அத்தகைய தாளை ஒட்ட வேண்டும் என்று தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர்,
திருச்சிராப்பள்ளி