பொருளியல் வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே,

சில நிறுவனங்களே சந்தையைப் பிடித்திருக்கும் சில்லோர் முற்றுரிமையில் விலை ஏன் அசையாமல் நிற்கிறது என்று கேட்டால், நம் பிள்ளைகள் முறிவுத் தேவைக் கோட்டை அளவுகோல் வைத்து அழகாகப் போட்டுவிடுகிறார்கள். கீழே இறுதிநிலை வருவாய்க் கோட்டில் ஓர் இடைவெளியும் விடுவார்கள். அது எப்படி வந்தது என்று கேட்டால் பேனா நின்றுவிடும். குறை அவர்களுடையது அல்ல. படத்துக்குத்தானே நாம் மதிப்பெண் போடுகிறோம்!

ஒரு கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். ஒரு நிறுவனம் 20 ரூபாய்க்கு 100 பாக்கெட் விற்கிறது. விலையை 21 ஆக்கினால் போட்டியாளர்கள் கூட்டமாட்டார்கள். வாடிக்கையாளர்கள் அவர்களிடம் போய்விட, விற்பனை 80 ஆகிவிடும். 19 ஆகக் குறைத்தாலோ அவர்களும் உடனே குறைப்பார்கள். விற்பனை 104க்கு மேல் ஏறாது. 20இல் தேவைக் கோடு இப்படித் திசைமாறுவதுதான் முறிவு. ஒரு பாக்கெட்டுக்குச் செலவு 10 ரூபாய் என்றால் 20இல் லாபம் 1000, 21இல் 880, 19இல் 936. செலவு 14 ஆக உயர்ந்தாலும் 20இல் 600, 21இல் 560, 19இல் 520. நான்கு ரூபாய் செலவு கூடியும் விலையைத் தொடாமலிருப்பதே லாபம். இடையிலுள்ள விலைகளையும் சேர்த்து இந்த எண்களை நேர்கோடுகளாக வரைந்தால், செலவு 15ஐத் தாண்டும்வரை இதே நிலைதான். அந்த இடைவெளியின் பொருள் இதுதான்.

ஆனால் அந்த 20 எங்கிருந்து வந்தது? 1939இல் பொருளியலாளர் பால் ஸ்வீசியும், அதே ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டின் ஹால், ஹிட்ச் இருவரும் இந்தக் கருத்தை முன்வைத்தார்கள். நாம் பாடத்தில் வரையும் படம் நிலவும் விலையிலிருந்துதான் தொடங்குகிறது. வந்த விலை ஏன் நிற்கிறது என்று சொல்லும்; எப்படி வந்தது என்று சொல்லாது.

இன்னொரு சிக்கல் பெரியது. கூட்டினால் யாரும் பின்தொடர மாட்டார்கள் என்ற அனுமானம் உண்மைதானா? 1931 ஜூனில், மந்தநிலையின் நடுவே, அமெரிக்காவில் ரெனால்ட்ஸ் நிறுவனம் கேமல் சிகரெட்டின் பட்டியல் விலையை ஆயிரத்துக்கு 6.40 டாலரிலிருந்து 6.85 ஆக உயர்த்தியது. மற்ற இரு பெரிய நிறுவனங்களும் அன்றைக்கே அதே விலைக்கு வந்துவிட்டன. முறிவு எங்கே போயிற்று? (இந்த ஒத்த போக்கும் சான்றுகளில் ஒன்றாகி, 1946இல் முற்றுரிமைச் சதி வழக்கில் அந்த மூன்று நிறுவனங்களின் தண்டனையையும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது தனிக்கதை.) 1947இல் பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்ளர் சிகரெட் உட்பட ஏழு தொழில்களின் விலை வரலாற்றைப் புரட்டிப் பார்த்து, இந்தக் கோட்பாட்டுக்குப் போதிய ஆதரவு இல்லை என்றார்.

பாடத்தையே எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. போட்டியாளர் என்ன செய்வார் என்ற ஊகமே தேவைக் கோட்டை வளைக்கும் என்பதை இதைவிட எளிதாகக் காட்ட வேறு படம் எனக்குத் தெரியாது. அடுத்த வினாத்தாளில் 'படத்துடன் விளக்குக' என்பதற்குப் பதிலாக, மேலே உள்ள கணக்கில் '21க்கு உயர்த்தியபோது மற்றவர்களும் உயர்த்தினால் விற்பனை 96 ஆகும். செலவு 14 என்றால் நிறுவனம் 20இலேயே நிற்குமா?' என்று கேளுங்கள். லாபம் 672. படத்தை மனப்பாடம் செய்தவர்கள் அங்கே தடுமாறுவார்கள்.

இப்படிக்கு,
விடைத்தாள் திருத்தும் ஓர் ஆசிரியர்