அந்த SET பொத்தானை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள்?

தென்னாப்பிரிக்காவில் புதிய கார் விற்கும் நிறுவனங்களின் கையேட்டுப் பிரிவினருக்கு,

வணக்கம். டர்பன், சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் தொடுதிரையில் எத்தனையோ அமைப்புகள் இருக்கட்டும். எனக்கு ஒன்றைப் பற்றித்தான் பேச வேண்டும். டயர் காற்றழுத்த எச்சரிக்கை.

பல கார்களில் டயருக்குள் அழுத்தமானி கிடையாது. ஏபிஎஸ் பிரேக்குக்கான சக்கர வேக உணரிகளே அந்த வேலையையும் பார்க்கின்றன. காற்றிறங்கிய டயரின் சுற்றளவு சற்றுக் குறைவதால் அது மற்றவற்றைவிட வேகமாகச் சுழலும். அந்த வித்தியாசத்தைக் கண்டு விளக்கு எரியும். ஆகவே காற்றடித்த பிறகு, இதுதான் சரியான நிலை என்று திரையிலுள்ள SET பொத்தானை அழுத்திக் காருக்கு நாம்தான் சொல்ல வேண்டும். நம் நாட்டில் காற்றடித்துத் தருபவர் பெட்ரோல் நிலைய ஊழியர். உங்கள் திரைக்குள் நுழைவது அவர் வேலை அல்ல.

என் அண்ணியின் புதுக் காரில் இந்த விளக்கு எரிந்தது. டாஷ்போர்டு பெட்டியில் புத்தகம் இல்லை. கியூஆர் குறியிட்ட அட்டை ஒன்றுதான் இருந்தது. ஸ்கேன் செய்தால் டயர் பக்கம் வராது, முகப்புப் பக்கம் வரும். மாடலையும் ஆண்டையும் தேர்ந்தெடுத்தால் எல்லா ரகங்களுக்கும் பொதுவான கையேடு திறக்கும். பக்கத்துக்குப் பக்கம் 'பொருத்தப்பட்டிருந்தால்' என்ற வால் வேறு. reset என்று தேடினால் பயண மீட்டரும் சர்வீஸ் நினைவூட்டலும் வந்தன. டயர் வரவில்லை, ஏனென்றால் அங்கே நீங்கள் எழுதியிருப்பது SET. கையேடு Settings, Vehicle, Tyres என்று வழி சொல்கிறது. மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு திரையில் அது Vehicle, Status என்ற இடத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. ஒருவழியாகக் கண்டுபிடித்தால் பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. இக்னிஷன் போட்டு, கார் நின்றிருந்தால்தான் அது உயிர் பெறும். அதைத் திரை சொல்லவே இல்லை.

அலைச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறு. SET அழுத்தத்தை அளப்பதில்லை. அப்போதிருக்கும் நிலையை அப்படியே மனப்பாடம் செய்துகொள்கிறது. ஆணி குத்தி மெல்லக் காற்றிறங்கும் டயரோடு அதை அழுத்தினால் விளக்கு அணைந்துவிடும், குறைந்த அழுத்தமே காருக்கு இயல்பாகிவிடும். முதலில் ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவைப் பார்த்து, டயர் குளிர்ந்திருக்கும்போது மானியால் சரிபார்க்க வேண்டும். ஓடிச் சூடேறிய டயர் 0.2 அல்லது 0.3 பார் கூடுதலாகக் காட்டும். அதை நம்பிக் காற்றைக் குறைத்தால் மறுநாள் காலை டயர் தளர்ந்திருக்கும். இந்த எச்சரிக்கையைக் கையேட்டின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அது இருக்க வேண்டிய இடம், பொத்தானை அழுத்தியதும் திரையில் வரும் கேள்வி: 'நான்கு டயர்களையும் மானியால் பார்த்தீர்களா?'

கதவுத் தூண் லேபிளிலேயே, நேராக அந்தப் பக்கத்துக்குப் போகும் கியூஆர் குறியை அச்சிடுங்கள். புதுப்பிப்பில் மெனு இடம் மாறினால் அன்றே கையேட்டையும் மாற்றுங்கள். வழியில் சிக்னல் இல்லாத இடத்திலும் படிக்க, அந்தப் பக்கம் காரின் நினைவகத்தில் இருக்கட்டும். சாவி கொடுக்கும் நாளில், புளூடூத்தில் பாட்டுப் போட்டுக் காட்டும் நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்கி, வாங்குபவரின் கையாலேயே ஒருமுறை SET அழுத்தச் சொல்லுமாறு உங்கள் விற்பனையாளர்களுக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
சாட்ஸ்வர்த் வாசகர் ஒருவர்